சைக்கிளை விட்டு இறங்கிய முதல் கிலோமீட்டர்

முதன்முறையாக ஸ்பிரிண்ட் டிரையத்லானுக்குப் பெயர் கொடுப்பவர்கள் மூன்று கேள்விகளோடு பயிற்சியைத் தொடங்குகிறார்கள். 750 மீட்டர் நீந்த முடியுமா, 20 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க முடியுமா, 5 கிலோமீட்டர் ஓட முடியுமா? ஒவ்வொன்றையும் தனித்தனி நாளில் செய்து பார்த்து, மூன்றும் முடிகிறது என்றதும் தயாராகிவிட்டோம் என்று நம்பிவிடுகிறார்கள். போட்டியன்று பார்த்தால், நன்றாக ஓடக்கூடிய ஒருவர் சைக்கிளை வைத்துவிட்டு ஓடத் தொடங்கிய 200 மீட்டரில் தன் கால்களைக் குனிந்து பார்க்கிறார். தொடை கனக்கிறது, முழங்கால் சரியாக மடங்க மறுக்கிறது, பாதம் எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. உடம்பில் தெம்பு இல்லாமல் இல்லை. மூச்சும் சீராகத்தான் இருக்கிறது. கால்கள் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

இதற்கென்றே உள்ள பயிற்சிதான் பிரிக். இரண்டு விளையாட்டுகளை இடைவெளி விடாமல் அடுத்தடுத்துச் செய்வது. பெரும்பாலும் சைக்கிளும் ஓட்டமும். இதோடு சேர்த்துப் பழக வேண்டியது டிரான்ஸிஷன், அதாவது ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் வேலை. நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறுவதை டி-1 என்றும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவதை டி-2 என்றும் சொல்கிறார்கள். கடிகாரம் இவற்றுக்காக நிற்பதில்லை. துண்டால் முகம் துடைப்பதும், ஷூ லேஸ் கட்டுவதும் போட்டி நேரத்திலேயே சேரும்.

கால் ஏன் அப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பயிற்சியை எப்படி அமைப்பது என்பது தானாகவே விளங்கும். சைக்கிளில் உட்கார்ந்திருக்கும்போது இடுப்பு மடங்கியே இருக்கிறது, உடல் முன்னால் சாய்ந்திருக்கிறது, எடையை இருக்கை தாங்குகிறது. தொடைத் தசைகள் சுருங்கிச் சுருங்கி பெடலைத் தள்ளுகின்றன. தரையில் மோதும் அதிர்ச்சி எதுவும் அவற்றுக்கு இல்லை. ஓட்டம் இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. தசை முதலில் இழுபட்டு, அந்த இழுவிசையைச் சேமித்து, உடனே சுருங்கித் தள்ள வேண்டும். அரை மணி நேரத்துக்கும் மேலாக ஒரே வட்டத்தில் சுழன்ற தசைகளுக்கு மூளை வேறொரு தாளத்தில் கட்டளை அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தத் தாளம் பிடிபடச் சில நிமிடங்கள் ஆகும். இதில் ஆளுக்கு ஆள் வேறுபாடும் உண்டு. சிலருக்கு ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும், சிலருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் வரை இழுக்கும்.

இன்னொரு சிக்கல் வேக உணர்வு. மணிக்கு 25 கிலோமீட்டரில் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தவருக்கு மணிக்கு 10 கிலோமீட்டர் ஓட்டம் நகராமல் நிற்பது போலத் தோன்றும். அதோடு கால்கள் சைக்கிளில் சுழன்ற வேகத்தையே தொடரப் பார்க்கும். 2002-இல் காட்ஷால், பால்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டிரையத்லான் வீரர்களை வெவ்வேறு மிதிவேகத்தில் அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டவைத்து, உடனே 3.2 கிலோமீட்டர் ஓடச் சொன்னார்கள். வேகமாகச் சுழற்றியவர்கள் ஓட்டத்திலும் அடிகளை வேகமாக வைத்தார்கள், சீக்கிரமும் முடித்தார்கள். ஆனால் தாங்கள் வேகமாக ஓடுகிறோம் என்பதை அவர்களால் சரியாக உணர முடியவில்லை. இந்த முடிவில் புதியவருக்கு ஒரு வசதி இருக்கிறது, ஓர் ஆபத்தும் இருக்கிறது. சைக்கிளின் கடைசிப் பகுதியில் கியரை இலேசாக்கி நிமிடத்துக்கு 90 சுற்றுக்குக் கொண்டுவந்தால் ஓட்டத்தின் தாளம் சீக்கிரம் கைகூடும். அந்தத் தாளத்தை நம்பி முதல் கிலோமீட்டரில் பாய்ந்துவிட்டால் பிறகு அதற்கு விலை கொடுக்க வேண்டும்.

எண்களோடு பார்ப்போம். களைப்பில்லாத நாளில் 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடும் ஒருவர். கிலோமீட்டருக்கு 6 நிமிடம். 15 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டு, அவர் முதன்முறையாக 3 கிலோமீட்டர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கிலோமீட்டர் 5:35. மெதுவாகத்தான் ஓடினேன் என்று சத்தியம் செய்வார். இரண்டாவது 6:40, மூன்றாவது 7:05. மொத்தம் 19:20. சில வாரங்கள் கழித்து அதே பாதையில், முதல் கிலோமீட்டரில் கைக்கடிகாரத்தைப் பார்த்து வேண்டுமென்றே தன்னைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். 6:40, 6:20, 6:15. மொத்தம் 19:15. மூன்று கிலோமீட்டரின் முடிவில் இரண்டுக்கும் ஐந்து விநாடிதான் வித்தியாசம். ஆனால் போட்டியில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் மிச்சமிருக்கிறது. முதல் நாள் இருந்த நிலையிலேயே தொடர்ந்தால் 33:30-இல் முடிப்பார், அதுவும் நடக்காமல் இருந்தால். இரண்டாவது நாள் நிலையில் தொடர்ந்தால் 31:45. உடல் வலிமை கூடாமலேயே கிடைத்த ஒன்றே முக்கால் நிமிடம் இது.

ஆகவே பிரிக் பயிற்சியில் ஓட்டம் நீளமாக இருக்கத் தேவையில்லை. கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் முதல் பத்து நிமிடத்துக்குள் இருக்கிறது. சைக்கிள் விட்டு இறங்கி 8 கிலோமீட்டர் ஓடுவதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு; முதல் ஸ்பிரிண்டுக்கு அது தேவையற்ற சுமை என்றே நான் உறுதியாகச் சொல்வேன். களைத்த காலோடு ஓடும்போது ஓடும் முறை கெடுகிறது, கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் முன்னங்கால் எலும்பும் அடி வாங்குகின்றன. வாரத்துக்கு ஒரு பிரிக் போதும். மறுநாள் நீச்சலோ ஓய்வோ இருக்கட்டும்.

எட்டு வாரம் கையில் இருப்பவர் முதல் இரண்டு வாரம் 40 நிமிடம் நிதானமாக மிதித்து, உடனே 10 நிமிடம் மெதுவாக ஓடினால் போதும். வேகமே வேண்டாம். கால் எப்படி உணர்கிறது, எத்தனையாவது நிமிடத்தில் இலேசாகிறது என்று கவனித்துக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த மூன்று வாரங்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த ஒரு வடிவம் உண்டு: 5 கிலோமீட்டர் சைக்கிள், 1 கிலோமீட்டர் ஓட்டம், இதையே மூன்று முறை. மொத்தத் தூரம் குறைவு, ஆனால் ஒரே காலையில் அந்தத் தடுமாற்றமான முதல் கிலோமீட்டர் மூன்று முறை கிடைக்கிறது, மாறும் வேலையும் மூன்று முறை பழகிவிடுகிறது. மூன்றாவது சுற்றில் கைகள் தாமாகவே ஹெல்மெட்டைத் தேடும். ஆறாவது வாரம் 15 கிலோமீட்டர் சைக்கிள். அதில் கடைசி 5 கிலோமீட்டர் போட்டியில் போகும் வேகம். பிறகு 3 கிலோமீட்டர் ஓட்டம். போட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு ஒரே ஒரு முறை 20 கிலோமீட்டரும் முழுதாக மிதித்து 3 கிலோமீட்டர் ஓடிப் பார்க்கலாம். இந்த முழு ஒத்திகையைப் போட்டியன்று போடப்போகும் அதே உடையிலும் ஷூவிலும், அதே காலை உணவு உண்ட பிறகும் செய்ய வேண்டும்.

நடைமுறையில் நம் ஊரில் வரும் பெரிய தொல்லை வேறு. ஓடப் போகும்போது சைக்கிளை எங்கே வைப்பது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை மிதித்துவிட்டு வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஓடிவிட முடியாது. குடியிருப்பின் வாசலில் சுற்று முடியும்படி பாதையை அமைத்து, காவலாளியிடம் சொல்லிவைத்துவிட்டு, அதே தெருவைச் சுற்றி ஓடுவதே எளிது. பின்சக்கரத்தைப் பொருத்தி வீட்டுக்குள்ளேயே மிதிக்கும் டிரெயினர் இருந்தால் அதிலிருந்து இறங்கிப் படியிறங்கி ஓடலாம். ஆனால் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் மிதித்தால் உடல் சூடு வெளியில் மிதிப்பதைவிட வேகமாக ஏறும்; ஓட்டத்தில் நாடித்துடிப்பு வழக்கத்துக்கு மேல் போனால் அதற்குக் காரணம் காலல்ல, சூடுதான். வெயில் ஏறும் முன் முடிப்பது, சைக்கிளில் இருக்கும்போதே குடிப்பது, இரண்டும் இங்கே கட்டாயம். ஓடிக்கொண்டே குடித்தால் பலருக்கு வயிறு குலுங்கும். தலைசுற்றலோ, வெயிலில் மயிர்க்கூச்சலோ, குளிரோ உணர்ந்தால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

எது இயல்பான தடுமாற்றம், எது தவறின் அடையாளம் என்று பிரித்தறியவும் பிரிக் உதவுகிறது. பத்து நிமிடத்துக்குள் கரைந்துவிடும் கனம் இயல்பானது. மூன்றாவது கிலோமீட்டரிலும் தொடை கனத்தே இருந்தால், தேவையைவிடக் கடினமான கியரில் மிதித்திருக்கிறீர்கள் என்று பொருள். அடுத்த முறை கியரை ஒரு படி இறக்கிச் சுழற்சியைக் கூட்டிப் பாருங்கள். கீழ்முதுகு இறுகிக்கொண்டு நிமிர்ந்து ஓட முடியவில்லை என்றால் ஹேண்டில்பார் உயரத்தையும் இருக்கை உயரத்தையும் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது. கால்விரல்கள் மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் இறுக்கமான ஷூவே காரணம். ஒரு பக்கமாகக் கெண்டைக்கால் மட்டும் வலித்து, மறுநாள் காலை முதல் அடியிலும் வலித்தால் அந்த வாரம் பிரிக் வேண்டாம்.

இனி மாறும் வேலை. டிரான்ஸிஷன் பகுதியில் வரிசையாகக் கம்பிகள் கட்டியிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட ஓர் இடம். சைக்கிளைப் பொதுவாக இருக்கையின் மூக்கால் கம்பியில் மாட்டுவார்கள். அந்தச் சிறு இடத்தில்தான் உங்கள் பொருள்கள் இருக்க வேண்டும். விதிகள் பல இருந்தாலும் புதியவர் மறக்கவே கூடாதவை இரண்டு. சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுக்கும் முன் ஹெல்மெட் தலையில் ஏறி, வார் பூட்டப்பட்டிருக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகுதான் வாரைக் கழற்றலாம். அடுத்து, டிரான்ஸிஷன் பகுதிக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வெளியே தரையில் ஒரு கோடு இருக்கும். அதைக் கடந்த பிறகே ஏற வேண்டும். வரும்போது கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும்.

இது சில்லறை விதி என்று நினைப்பவர்கள் 2012 லண்டன் ஒலிம்பிக்கை நினைத்துப் பார்க்கலாம். ஹைட் பார்க்கில் நடந்த ஆண்கள் போட்டியில் பிரிட்டனின் ஜானதன் பிரவுன்லி நீச்சல் முடித்து வந்து, கோட்டைக் கடக்கும் முன்பே சைக்கிளில் ஏறிவிட்டார். தண்டனை 15 விநாடி. ஓட்டத்தின் நடுவே தண்டனைக் கட்டத்தில் அவர் நின்றே ஆக வேண்டியிருந்தது. அண்ணன் அலிஸ்டர் தங்கமும், ஸ்பெயினின் ஹாவியர் கோமெஸ் வெள்ளியும் வெல்ல, ஜானதன் வெண்கலத்தைப் பிடித்தார். உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவருக்கே அந்தப் பரபரப்பில் கோடு தவறியது. அதனால்தான் இதை யோசித்துச் செய்யும் வேலையாக விட்டுவைக்காமல், கை பழகிய வேலையாக மாற்ற வேண்டும்.

பொருள்களை அடுக்கும் முறை எளிமையாக இருக்கட்டும். சைக்கிளுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சிறு துண்டு. ஹெல்மெட்டை ஹேண்டில்பார் மேல் குப்புற வைத்து, வார்கள் இரண்டும் வெளியே தொங்கும்படி விடுங்கள். கண்ணாடி அதற்குள் இருக்கட்டும். துண்டின் மேல் ஷூ, அதன் மேல் சுருட்டிய சாக்ஸ், அதன் மேல் எண் கட்டிய இடுப்புப் பட்டை. இந்தப் பட்டை விலை குறைந்த ஒரு எலாஸ்டிக் வார்தான். சைக்கிளில் எண் முதுகுப் பக்கமும், ஓட்டத்தில் வயிற்றுப் பக்கமும் இருக்கும்படி சுழற்றிக்கொள்ளலாம். நேரம் பதிவு செய்யும் சிப்பை இடது கணுக்காலில் கட்டுங்கள், சைக்கிள் சங்கிலி வலப்பக்கம் இருப்பதால். சைக்கிள் கியரை இலேசானதில் விட்டுவையுங்கள். கனமான கியரில் ஏறியவர் கோட்டைத் தாண்டியதும் தள்ளாடுவதைப் பார்க்கலாம்.

முதல் போட்டிக்கு பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூ வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏற்கெனவே அதில் பழகியவருக்குச் சரி. பழகாதவர் சாதாரண தட்டைப் பெடலில், ஓடும் ஷூவோடே மிதிக்கலாம். 20 கிலோமீட்டரில் சிறிது வேகம் குறையும். ஆனால் டி-2-இல் ஷூ மாற்றும் வேலையே இருக்காது. கோடு அருகே பூட்டை விடுவிக்க மறந்து நின்ற இடத்திலேயே விழும் ஆபத்தும் இல்லை. பெடலிலேயே ஷூவை மாட்டி வைத்துவிட்டு ஓடிவந்து தாவி ஏறும் வித்தையை தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு முயற்சி செய்வதை, தயவுசெய்து முதல் போட்டியில் தவிர்த்துவிடுங்கள். ஒரு செலவு செய்வதென்றால் கட்ட வேண்டாத எலாஸ்டிக் லேஸ் வாங்குங்கள். ஆனால் அதைப் போட்டியன்று முதன்முறையாகப் போடக் கூடாது. இறுக்கம் சரியாக அமைய இரண்டு மூன்று ஓட்டமாவது வேண்டும்.

டி-1-இல் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பதினைந்து இருபது நிமிடம் படுத்த நிலையில் நீந்தியவர் சட்டென்று எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்குகிறது. சில விநாடிகள் தலை கிறுகிறுக்கும். கடைசி 50 மீட்டரில் காலை வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக அடித்தால் கால்களுக்கு இரத்தம் ஓடத் தொடங்கும். எழுந்ததும் முதல் பத்து அடியை நடந்தே வையுங்கள். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் தொப்பியைக் கழற்றுவதும் நடக்கும்போதே நடந்துவிட வேண்டும். உங்கள் சைக்கிளை அடைந்ததும் வரிசை எப்போதும் ஒன்றே: பட்டை, கண்ணாடி, ஹெல்மெட், வார் பூட்டியாகிவிட்டதா என்று ஒரு தொடுகை, பிறகு சாக்ஸ், ஷூ, கடைசியில் சைக்கிள். ஈரக் காலில் சாக்ஸ் ஏறாது என்பதால் முதல் நாளே சாக்ஸுக்குள்ளும் ஷூவுக்குள்ளும் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவிவிடலாம்.

இதை வீட்டிலேயே பழக முடியும். மொட்டை மாடியிலோ வாசலிலோ பொருள்களை அடுக்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்து, ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு இருபது அடி ஓடிவந்து தொடங்குங்கள். கைபேசியில் நேரம் பாருங்கள். முதல் நாள் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆவது சாதாரணம். எது தாமதமாகிறது என்று கவனித்தால், அநேகமாக அது சாக்ஸாகவோ ஹெல்மெட் வாராகவோதான் இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் ஐந்து தடவை செய்தால், அவசரப்படாமலேயே நேரம் பாதியாகக் குறையும். விரல் நனைந்து, மூச்சு வாங்கும்போது வாரைப் பூட்டுவது உலர்ந்த கையால் பூட்டுவதிலிருந்து வேறுபட்ட வேலை. அதனால் வாளித் தண்ணீரை விட்டுவிடாதீர்கள்.

டி-2 எளிது, ஆனால் அதன் தயாரிப்பு சைக்கிளில் தொடங்குகிறது. கடைசி ஒரு கிலோமீட்டரில் கியரை இறக்குங்கள், இரண்டு மிடறு குடியுங்கள், சில விநாடிகள் பெடலில் எழுந்து நின்று குதிகாலைக் கீழே அழுத்திக் கெண்டைக்காலை நீட்டுங்கள். கோட்டுக்கு முப்பது மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரு காலைத் தூக்கி மறுபக்கம் கொண்டுவந்து நிதானமாக இறங்குங்கள். சைக்கிளை மாட்டு, பிறகு வார், ஹெல்மெட், தேவையானால் ஷூ, தொப்பி. பட்டையை ஓடும்போதே முன்பக்கம் சுழற்றிக்கொள்ளலாம். முதல் 400 மீட்டருக்கு அடிகளைச் சிறியதாகவும் வேகமாகவும் வையுங்கள். நீட்டி வைக்க முயன்றால் பின்தொடை பிடித்துக்கொள்ளும்.

போட்டியன்று காலையில் டிரான்ஸிஷன் பகுதி திறந்திருக்கும்போதே ஒரு முறை நடந்து பாருங்கள். நீரிலிருந்து வரும் வழி, சைக்கிளோடு வெளியேறும் வாசல், திரும்பி நுழையும் வாசல், ஓட்டத்துக்குப் போகும் வாசல் ஆகியவை பெரும்பாலும் நான்கு வெவ்வேறு இடங்கள். உங்கள் வரிசை எத்தனையாவது என்று இரு பக்கமிருந்தும் எண்ணி வையுங்கள். பக்கத்துச் சைக்கிளை அடையாளமாக வைக்காதீர்கள். நீங்கள் வரும்போது அது போயிருக்கும். மரம், மின்கம்பம், கூடாரத்தின் முனை போன்ற அசையாதவையே நம்பகமானவை.

அதற்கு மூன்று நாள் முன்பு கடைசி பிரிக்: 20 நிமிடம் இலேசாகச் சைக்கிள், அதில் ஒரு நிமிடம் வீதம் மூன்று முறை மட்டும் போட்டி வேகம், பிறகு 5 நிமிடம் ஓட்டம். வீட்டுக்கு வந்து சைக்கிளின் டயரில் காற்றையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு, போட்டிப் பையில் முதலில் ஹெல்மெட்டை வையுங்கள். அது இல்லாமல் போட்டியில் சைக்கிளைத் தொடவே விடமாட்டார்கள்.